தேர்வாகாத நேர்காணலுக்குப் பின் நன்றிக் கடிதம்: தமிழாசிரியர் பணிக்கு விண்ணப்பித்தவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மாதிரி வகுப்பு எடுத்தாகிவிட்டது. தேர்வுக்குழுவின் கேள்விகளுக்கும் பதில் சொல்லியாகிவிட்டது. சில நாள் கழித்துப் பள்ளி அலுவலகத்திலிருந்து "இம்முறை வேறொருவரைத் தேர்வு செய்துள்ளோம்" என்று செய்தி வருகிறது. அதன் பிறகு, உங்களை நேர்காணல் செய்தவருக்கு எழுத வேண்டிய ஒரு சிறிய கடிதத்தைப் பற்றியதே இந்த வழிகாட்டி.

ஒரு தனியார் பள்ளியில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்து தேர்வுக்குழுவில் உட்கார்ந்தவன் நான். இத்தகைய கடிதங்களை வாங்கிப் படித்திருக்கிறேன். இப்போது பி.எட். முடித்தவர்களின் வரைவுகளைத் திருத்திக் கொடுக்கிறேன். பெரும்பாலோர் தடுக்குவது மொழியில் அல்ல, வரிசையில்தான். யாருக்கு, எப்போது, எதைப் பற்றி என்று முடிவு செய்யும் முன்பே எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள்.

எல்லாப் படிகளுக்கும் ஒரே விண்ணப்பதாரரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். எம்.ஏ., பி.எட். முடித்தவர். ஒரு சிறு நகரத்துப் பள்ளியில் இரண்டு ஆண்டு பணியாற்றிவிட்டு, திருமணத்துக்குப் பின் வேறு ஊருக்கு வந்தவர். இப்போது வேலையில் இல்லை. 9, 10 வகுப்புகளுக்கான தமிழாசிரியர் பணியிடத்துக்கு ஏப்ரல் 24 அன்று நேர்காணலுக்குச் சென்றார். தமிழ்த்துறைத் தலைவரான ஓர் அம்மையாரும் பள்ளி முதல்வரும் குழுவில் இருந்தார்கள். கூடுதல் அனுபவம் உள்ள இன்னொருவரைப் பள்ளி எடுத்துக்கொண்டது.

1. எழுதத் தகுந்த நேர்காணல்தானா என்று பாருங்கள்

ஐந்து நிமிடம் சான்றிதழைப் புரட்டிப் பார்த்து அனுப்பிவிட்ட இடத்துக்குக் கடிதம் தேவையில்லை. அங்கே உங்களை நினைவில் வைத்திருக்க யாருக்கும் எதுவும் இல்லை. மாதிரி வகுப்பு எடுக்கவைத்து, அதைக் கவனித்து, அதைப் பற்றி இரண்டு வார்த்தையாவது பேசியிருந்தால் எழுதுங்கள்.

இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கே அந்தப் பள்ளி அழைத்தால் போவீர்களா? சம்பளமோ தொலைவோ ஒத்துவராது என்று நேர்காணல் அன்றே தெரிந்துவிட்டதென்றால் நன்றி மட்டும் சொல்லுங்கள், எதிர்கால விருப்பத்தைச் சொல்லாதீர்கள். விருப்பம் தெரிவித்துவிட்டு, அழைக்கும்போது மறுப்பவரின் பெயர் ஒரு பள்ளியோடு நிற்காது. ஒரே ஊரின் தமிழாசிரியர்கள் விடைத்தாள் திருத்தும் முகாமில் சந்தித்துக்கொள்கிறவர்கள்.

2. எழுதும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், நேர்காணல் செய்தவரின் பெயர், முன்னெழுத்து, பொறுப்பு ஆகியவை சரியாகத் தெரிய வேண்டும். லகர, ளகர வேறுபாட்டோடும் ணகர, னகர வேறுபாட்டோடும் எழுதும் பெயராக இருந்தால் பள்ளி இணையதளத்திலோ ஆண்டுமலரிலோ பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். தமிழ்த்துறைத் தலைவரின் பெயரையே பிழையாக எழுதும் தமிழாசிரியருக்கு மேற்கொண்டு எந்த வரியும் உதவாது.

இரண்டாவது, நேர்காணல் அன்று எழுதிய குறிப்பு. இது பலரிடம் இருப்பதில்லை. வெளியே வந்ததும், பஸ் ஏறும் முன், மூன்று விஷயங்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: எந்த வகுப்புக்கு எந்தப் பாடம் எடுத்தீர்கள், யார் என்ன கேட்டார்கள், உங்கள் வகுப்பைப் பற்றி யார் என்ன சொன்னார்கள். முடிவு வந்த பிறகு நினைவுகூர்ந்தால் வருத்தம்தான் முன்னால் வரும், சொற்கள் வராது. "நன்றாகச் சொன்னார்கள்" என்பது மட்டும் நினைவில் இருந்தால் அதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது.

மூன்றாவது, நீங்கள் ஏற்கக்கூடிய பணியிடங்களின் பட்டியல். எந்த வகுப்புகள், நிரந்தரமா தற்காலிகமா, எப்போதிலிருந்து என்பதை உங்களுக்காக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டாரிடம் பேச வேண்டியிருந்தால் இப்போதே பேசிவிடுங்கள். ஆறாம் படியில் இந்தத் தாள் தேவைப்படும்.

3. செய்தி அனுப்பியவருக்கு முதலில் ஒரு வரி

முடிவைத் தெரிவிப்பவர் பெரும்பாலும் அலுவலகப் பணியாளர், நேர்காணல் செய்தவர் அல்லர். அவருக்கு அன்றே, வந்த வழியிலேயே ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: "தகவல் கிடைத்தது. தெரிவித்ததற்கு நன்றி." அவ்வளவு போதும்.

நன்றிக் கடிதத்தையும் இதையும் ஒன்றாக்கிவிடுவது வழக்கமான தவறு. அலுவலகத்தில் இருப்பவர் அன்று பலருக்கு ஒரே செய்தியை அனுப்பியிருப்பார். உங்களுக்குச் செய்தி சேர்ந்ததா என்பது மட்டுமே அவருக்குத் தேவை. வாட்ஸ்அப்பில் நீங்கள் நீளமாக எழுதும் பதில் அந்தக் கைபேசியோடு நின்றுவிடும், தமிழ்த்துறைத் தலைவரிடம் போய்ச் சேராது.

4. ஓர் இரவு பொறுங்கள், மூன்றாம் நாளைத் தாண்டாதீர்கள்

செய்தி வந்த அன்றே கடிதத்தை எழுதாதீர்கள். அன்று எழுதும் வரிகளில் வருத்தம் எங்கேயாவது கசிந்துவிடும், எழுதுபவருக்கு அது தெரியாது. மறுநாள் காலையில் எழுதி, அன்றோ அதற்கு அடுத்த நாளோ அனுப்புங்கள்.

அதற்கு மேல் தள்ளாமல் இருக்க இரண்டு காரணங்கள் உண்டு. ஒரே வாரத்தில் பலர் வந்து மாதிரி வகுப்பு எடுத்திருப்பார்கள், அதனால் யார் எந்தப் பாடம் எடுத்தார் என்பது குழுவுக்கும் சீக்கிரம் கலங்கிவிடும். இரண்டாவது காரணம் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன, ஆள் எடுப்பது ஏப்ரல், மே மாதங்களில். இடையில் உள்ள வாரங்களில், தேர்வான சிலர் வேறு இடம் கிடைத்தோ அரசுப் பணி கிடைத்தோ சேராமல் போய்விடுவார்கள். அப்போது பள்ளி மறுபடியும் விளம்பரம் கொடுக்க விரும்பாது, முன்பு வந்தவர்களின் கோப்பைத்தான் திறக்கும். உங்கள் கடிதம் அதற்குள் போயிருக்க வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கைக் கடிதத்தில் காட்டக் கூடாது. "தேர்வானவர் சேராத பட்சத்தில் என்னைக் கருத்தில் கொள்ளவும்" என்று எழுதியவர்கள் உண்டு. தேர்வு செய்த குழுவிடமே அவர்கள் தேர்ந்தெடுத்தவர் வராமல் போகட்டும் என்று சொல்வதுபோல் அது படிக்கப்படும். சொல்லாமலேயே குழுவுக்கு அது தெரியும்.

5. யாருக்கு, எந்த வழியில்

உங்கள் வகுப்பைக் கவனித்து அதைப் பற்றிப் பேசியவருக்கு எழுதுங்கள். முதல்வர் பெரியவர் என்பதற்காக அவருக்கு எழுத வேண்டியதில்லை. அவர் சம்பளமும் சான்றிதழும் கேட்டிருப்பார், உங்கள் பாடத்தைப் பற்றிப் பேசியவர் துறைத் தலைவராக இருப்பார். அடுத்த முறை "போன தடவை வந்த அந்தப் பெண்ணைக் கூப்பிடலாமே" என்று சொல்லக்கூடியவரும் அவர்தான். இருவருக்கும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றினால் இரண்டு வேறு கடிதங்கள் எழுதுங்கள். ஒரே கடிதத்தின் இரண்டு பிரதிகளை ஆசிரியர் அறையில் அருகருகே வைத்துப் பார்க்க நேர்வது உங்களுக்கு நல்லதல்ல.

மின்னஞ்சலே சிறந்த வழி. தேடினால் அகப்படும், வேண்டியபோது மற்றவருக்கும் அனுப்பிவைக்கலாம். நேர்காணல் செய்தவரின் முகவரி உங்களுக்கு நேரடியாகத் தரப்பட்டிருக்காவிட்டால் பள்ளியின் பொது மின்னஞ்சலுக்கு அனுப்பி, முதல் வரியில் "தமிழ்த்துறைத் தலைவரின் கவனத்துக்கு" என்று எழுதுங்கள். தெரிந்தவர் மூலம் அவருடைய கைபேசி எண்ணைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். எண் எப்படிக் கிடைத்தது என்ற யோசனையில் கடிதத்தின் பொருள் பின்னால் போய்விடும். அவரே அந்த எண்ணிலிருந்து உங்களை அழைத்திருந்தால் மட்டும் அனுப்பலாம்.

இப்போது வடிவத்தைப் பற்றி. பள்ளியில் நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அனுப்புநர், பெறுநர் அமைப்பை மின்னஞ்சலில் போடாதீர்கள். படிப்பவர் கைபேசியில் திறப்பார். முகவரிகளே முதல் திரையை நிரப்பிவிடும், நன்றி அதற்குக் கீழே எங்கோ இருக்கும். கடிதத்தைத் தனிக் கோப்பாக இணைத்துவிட்டு மடலை வெறுமையாக விடுவதும் இதே வகைத் தவறுதான்.

6. எதிர்கால விருப்பத்தை முதலில் எழுதுங்கள்

கடிதத்தில் மூன்றாவதாக வரும் பத்தி இது. ஆனாலும் முதலில் எழுத வேண்டியது இதுதான், ஏனென்றால் கடிதத்தின் பயன் இங்கேதான் இருக்கிறது. மற்ற பத்திகளை எழுதிக் களைத்த பிறகு இதற்கு வந்தால் எல்லோரும் ஒரே வாக்கியத்தில் போய் விழுகிறார்கள்: "எதிர்காலத்தில் ஏதேனும் வாய்ப்பு இருப்பின் தெரிவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இந்த வாக்கியத்தில் மரியாதைக்குக் குறைவில்லை, தகவல்தான் இல்லை. எந்த வகுப்புக்கு அழைக்கலாம், பாதி ஆண்டில் அழைத்தால் வருவாரா, தற்காலிகம் என்றால் கோபித்துக்கொள்வாரா என்று படிப்பவருக்குத் தெரியாது. அதோடு, தெரிவிக்கும் வேலையையும் அவர் தலையில் வைக்கிறது. துறைத் தலைவர் யாருக்கும் வாய்ப்புகளைத் தெரிவித்துக்கொண்டிருக்க மாட்டார். இடம் காலியாகும்போது, பொருந்துகிற ஒருவரைப் பற்றிய தகவல் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் அழைப்பார்.

ஆகவே பள்ளியில் இடம் எப்படிக் காலியாகிறது என்று யோசித்து எழுதுங்கள். ஒன்று, அடுத்த கல்வியாண்டுக்கான புதிய இடம். ஜனவரி, பிப்ரவரியிலேயே பேச்சு தொடங்கிவிடும். இன்னொன்று, ஆண்டின் நடுவே வரும் தற்காலிக இடம். தனியார் பள்ளிகளில் ஆசிரியைகளே மிகுதி, பேறுகால விடுப்பு வந்துகொண்டே இருக்கும். சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். (எல்லாப் பள்ளிகளும் அதை முழுதாகக் கொடுக்கின்றனவா என்பது வேறு கதை.) ஏறத்தாழ அரை ஆண்டுக்கு ஒரு தமிழாசிரியர் வேண்டும், அதுவும் அரையாண்டுத் தேர்வையோ பொதுத்தேர்வையோ ஒட்டி. இப்படிப்பட்ட குறுகிய காலத்துக்கு வர ஒப்புக்கொள்ளும், ஏற்கெனவே வகுப்பைப் பார்த்துவிட்ட ஒருவர் பள்ளிக்குக் கிடைப்பது அரிது. அப்படி வர முடியும் என்றால் அதை வெளிப்படையாக எழுதுங்கள்.

நம் விண்ணப்பதாரர் தன் தாளைப் பார்த்து இப்படி எழுதினார்:

"தங்கள் பள்ளியில் பணியாற்றும் விருப்பம் எனக்குத் தொடர்ந்து இருக்கிறது. 6 முதல் 10 வரையிலான வகுப்புகளுக்குத் தமிழாசிரியர் பணியிடம் ஏற்பட்டால் விண்ணப்பிப்பேன். பேறுகால விடுப்புக்கு மாற்றாக வரும் தற்காலிகப் பணியையும் ஏற்பேன். பள்ளியிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் வசிக்கிறேன், ஒரு வார முன்னறிவிப்பில் சேர முடியும்."

இதில் எந்த வேண்டுகோளும் இல்லை. "விண்ணப்பிப்பேன்", "ஏற்பேன்", "சேர முடியும்" என்று எல்லாம் தன்னைப் பற்றிய செய்தியாகவே இருக்கின்றன. படிப்பவர் எதையும் செய்ய வேண்டியதில்லை, ஆனால் வேண்டியபோது பயன்படுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு பள்ளியில் வேலையில் இருந்துகொண்டு எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "எப்போது அழைத்தாலும் உடனே வருவேன்" என்று எழுதாதீர்கள். பத்தாம் வகுப்பை நடுவில் விட்டுவிட்டு வருவேன் என்று சொல்பவர் நாளை நம் பத்தாம் வகுப்பையும் விட்டுவிட்டுப் போவார் என்றுதான் துறைத் தலைவருக்குத் தோன்றும். "இப்போதைய பள்ளியில் கல்வியாண்டு முடிந்ததும், வரும் ஆண்டு மே மாதம் முதல் சேர முடியும்" என்று எழுதுங்கள். தாமதம்போலத் தெரிந்தாலும் அது நம்பிக்கை தரும் வரி.

7. நேர்காணலிலிருந்து ஒரே ஒரு செய்தியை எடுங்கள்

இது இரண்டாம் பத்தி. யாருடைய கடிதம் என்று படிப்பவருக்கு நினைவு வர இதுதான் உதவும். "தங்கள் அறிவுரைகள் மிகவும் பயனுள்ளதாக இருந்தன" என்ற வரியை நேர்காணலுக்கு வராதவர்கூட எழுத முடியும்.

நம் விண்ணப்பதாரர் ஒன்பதாம் வகுப்புக்கு 'வல்லினம் மிகும் இடங்கள்' எடுத்தார். கரும்பலகையில் விதியை எழுதிவிட்டு எடுத்துக்காட்டுகளுக்குப் போனார். வகுப்பு முடிந்ததும் துறைத் தலைவர், "விதிவருமுறையில் நடத்தியிருக்கலாமே, பிள்ளைகளே விதியைக் கண்டுபிடித்திருப்பார்கள்" என்று சொன்னார். அந்தக் குறிப்பு விண்ணப்பதாரரின் தாளில் இருந்தது. கடிதத்தில் அது இப்படி ஆனது:

"விதியை முதலில் எழுதிவிடாமல், எடுத்துக்காட்டுகளிலிருந்து மாணவர்களே விதியைக் கண்டறியச் செய்திருக்கலாம் என்று கூறினீர்கள். 'அந்தப் பையன், இந்தக் கதை, எந்தச் செடி' என்ற தொடர்களை மட்டும் எழுதித் தொடங்கும் வகையில் அந்தப் பாடக்குறிப்பை மாற்றி எழுதியிருக்கிறேன்."

அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வதோடு நிறுத்தாமல், அதைக் கொண்டு நீங்கள் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். உண்மையாகவே செய்துவிட்டுச் சொல்லுங்கள். அடுத்த முறை நேரில் பார்க்கும்போது "அந்தப் பாடக்குறிப்பைக் காட்டுங்கள்" என்று கேட்டுவிடுவார்கள். தமிழாசிரியர்களுக்கு அந்த ஆர்வம் உண்டு.

குழு கருத்து எதுவும் சொல்லவில்லை என்றால் அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், அல்லது வகுப்பில் ஒரு மாணவர் கேட்டதை எழுதலாம். இரண்டாவது செய்தி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சேர்க்காதீர்கள். இரண்டு சேர்ந்தால் கடிதம் தன் வகுப்புக்குத் தானே எழுதிய விளக்கவுரையாகிவிடும், 'அன்று சரியாகச் செய்யவில்லை, இப்போது பாருங்கள்' என்ற தொனி வந்துவிடும்.

8. முழுக் கடிதத்தையும் சேர்த்தல்

நம் விண்ணப்பதாரர் இந்தப் படிகளுக்கு முன்பு எழுதி வைத்திருந்த முதல் வரைவு இது:

"பெருமதிப்பிற்குரிய அம்மா அவர்களின் மேலான கவனத்திற்கு, தங்கள் புகழ்மிக்க பள்ளியின் நேர்காணலில் கலந்துகொள்ளும் அரிய வாய்ப்பை எனக்கு அளித்தமைக்கு மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். தேர்வாகாதது மிகுந்த வருத்தத்தை அளித்தாலும் தங்கள் முடிவை மதிக்கிறேன். என்னிடம் உள்ள குறைகளைத் தெரிவித்தால் திருத்திக்கொள்வேன். எதிர்காலத்தில் ஏதேனும் வாய்ப்பு இருப்பின் என்னை மறவாமல் நினைவில் கொள்ளுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த நாள், எந்த வகுப்பு, யார் எழுதியது என்று கடைசி வரி வரை தெரியவில்லை. "வருத்தத்தை அளித்தாலும்" என்ற சொல், படிப்பவரை ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் நிறுத்துகிறது. "முடிவை மதிக்கிறேன்" என்றால் மதிக்காமல் இருக்கவும் யோசித்ததுபோல இருக்கிறது. குறையைத் தெரிவியுங்கள் என்ற வரிதான் எல்லாவற்றிலும் பெரிய சிக்கல். ஒருவரை ஏன் எடுக்கவில்லை என்று எழுத்தில் கொடுக்க எந்தப் பள்ளியும் தயங்கும். அந்த ஒரு வரியால் நன்றிக் கடிதம் பதில் எழுத வேண்டிய மனுவாக மாறி, "பிறகு பார்க்கலாம்" என்று ஒதுக்கப்படும். காரணம் உண்மையாகவே தெரிய வேண்டுமானால் பல வாரம் கழித்து, நேரில் பார்க்கும் வாய்ப்பு வரும்போது வாய்மொழியாகக் கேளுங்கள்.

புதிய கடிதம்:

பொருள்: தமிழாசிரியர் (9, 10 வகுப்புகள்) நேர்காணல், ஏப்ரல் 24 – நன்றி

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். ஏப்ரல் 24 அன்று நடந்த நேர்காணலில் ஒன்பதாம் வகுப்புக்கு 'வல்லினம் மிகும் இடங்கள்' என்ற மாதிரி வகுப்பு எடுத்தேன். முடிவைப் பள்ளி அலுவலகம் தெரிவித்தது. வகுப்பு முழுவதும் உடனிருந்து கவனித்ததற்கும், அதன்பின் நேரம் ஒதுக்கிப் பேசியதற்கும் நன்றி.

விதியை முதலில் எழுதிவிடாமல், எடுத்துக்காட்டுகளிலிருந்து மாணவர்களே விதியைக் கண்டறியச் செய்திருக்கலாம் என்று கூறினீர்கள். 'அந்தப் பையன், இந்தக் கதை, எந்தச் செடி' என்ற தொடர்களை மட்டும் எழுதித் தொடங்கும் வகையில் அந்தப் பாடக்குறிப்பை மாற்றி எழுதியிருக்கிறேன்.

தங்கள் பள்ளியில் பணியாற்றும் விருப்பம் எனக்குத் தொடர்ந்து இருக்கிறது. 6 முதல் 10 வரையிலான வகுப்புகளுக்குத் தமிழாசிரியர் பணியிடம் ஏற்பட்டால் விண்ணப்பிப்பேன். பேறுகால விடுப்புக்கு மாற்றாக வரும் தற்காலிகப் பணியையும் ஏற்பேன். பள்ளியிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் வசிக்கிறேன், ஒரு வார முன்னறிவிப்பில் சேர முடியும்.

முதல்வர் அவர்களுக்கும் என் நன்றி.

இப்படிக்கு,
பெயர், கைபேசி எண்

தோல்வியைப் பற்றி இதில் உள்ளது ஒரே வாக்கியம்தான்: "முடிவைப் பள்ளி அலுவலகம் தெரிவித்தது." அது இல்லாவிட்டால் இன்னும் முடிவு தெரியாமல் எழுதுகிறாரோ என்று படிப்பவர் குழம்புவார். அதற்கு மேல் ஒரு சொல் சேர்ந்தாலும் தொனி மாறிவிடும். தேர்வானவருக்கு வாழ்த்துச் சொல்லலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். யார் என்றே தெரியாதவருக்கு வாழ்த்துச் சொன்னால் அது பெருந்தன்மையாகத் தெரியாது, பெருந்தன்மையைக் காட்டிக்கொள்வதாகத் தெரியும்.

தன்விவரக் குறிப்பை மறுபடி இணைக்க வேண்டாம். பள்ளியில் ஏற்கெனவே இருக்கிறது. இணைத்தால் அது புதிய விண்ணப்பமாகிவிடும்.

9. அனுப்பும் முன் சரிபார்த்தல்

முதலில் எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து மடலில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். முதலில் உங்கள் முகவரிக்கே அனுப்பிக் கைபேசியில் திறந்து பாருங்கள்.

பிறகு ஒற்றுப்பிழை. வேறு பாட ஆசிரியர்களுக்கு இது மன்னிக்கப்படலாம், நமக்குக் கிடையாது. வல்லினம் மிகும் இடங்களைப் பாடமாக எடுத்தவர் "நேரம் ஒதுக்கி பேசியதற்கும்" என்று எழுதினால் துறைத் தலைவரின் கண் அந்த இடத்தில் நின்றுவிடும். "ஒதுக்கிப் பேசியதற்கும்" என்று வர வேண்டும். இதற்கு நேர்மாறாக, பயத்தில் எல்லா இடத்திலும் ஒற்றைத் தூவுகிறவர்களும் உண்டு. "நடந்தத் தேர்வு" தவறு, பெயரெச்சத்துக்குப் பின் மிகாது. வாய்விட்டு ஒருமுறை படியுங்கள், பிறகு ஒற்றுக்காக மட்டும் ஒருமுறை படியுங்கள். இரண்டையும் ஒரே வாசிப்பில் செய்ய முயன்றால் இரண்டும் அரைகுறையாகும்.

கடைசியாக 'தங்கள்', 'உங்கள்' இரண்டையும் கலக்காதீர்கள். எதுவானாலும் சரி, ஒன்றையே கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள்.

10. அனுப்பிய பிறகு

பதில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதில் தேவைப்படாத கடிதத்தைத்தான் எழுதியிருக்கிறீர்கள். கிடைத்ததா என்று கேட்டு இன்னொரு மடல் அனுப்ப வேண்டாம். பண்டிகை வாழ்த்தும் வேண்டாம், அதில் அவருக்குப் பயன்படும் புதிய செய்தி எதுவும் இல்லை. "நன்றி, வாழ்த்துகள்" என்று ஒரு வரி பதில் வந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

மீண்டும் எழுதுவதற்கான காலம் ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி. பழைய மடலுக்கே மறுமொழியாக எழுதுங்கள். அப்போது பழைய கடிதம் கீழேயே இருக்கும், நீங்கள் யார் என்று புதிதாக விளக்க வேண்டியதில்லை. மூன்று வரி போதும்: வரும் கல்வியாண்டுக்கும் விருப்பம் இருக்கிறது, இடையில் இன்ன பள்ளியில் இன்ன வகுப்புக்கு எடுத்தேன், இன்ன மாதம் முதல் சேர முடியும். பள்ளி விளம்பரம் கொடுத்துவிட்டால் முறைப்படி விண்ணப்பியுங்கள். முன்பு நேர்காணலுக்கு வந்ததை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். கடிதம் எழுதியிருக்கிறோமே என்று விண்ணப்பத்தைத் தவிர்த்தால், அலுவலகத்தின் பட்டியலில் உங்கள் பெயர் ஏறாது.

ஆண்டின் நடுவே தற்காலிகப் பணிக்கு அழைப்பு வந்தால் அது பெரும்பாலும் தொலைபேசியில் அவசரமாக வரும். சரி என்று சொல்வதற்கு முன் நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த வகுப்புகள், வாரத்துக்கு எத்தனை பாடவேளை, எந்தத் தேதி வரை, விடுப்பில் செல்பவர் பாடத்தை எதுவரை முடித்திருக்கிறார். கடைசிக் கேள்விக்கு விடுப்பில் செல்பவரிடமே பேச அனுமதி கேளுங்கள். அவர் விடைபெறும் முன் ஒரு நாள் பள்ளிக்குச் சென்று அவரது பாடக்குறிப்பேட்டைப் பார்த்துவிட்டால், முதல் வாரம் வீணாகாது.